முதல் ஊசி

ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை தடுப்பூசி நாள். கர்ப்பிணிக்கு டெட்டனஸ், டிப்தீரியா தடுக்கும் டிடி ஊசி, 0.5 மில்லி. சிரிஞ்சைப் பிடித்த கவிதாவின் விரல்கள் நடுங்கின.

"கையைத் தொடையில வச்சுத் தளர்த்திக்கோங்கக்கா," என்றாள். இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும்.

"இடத்தைக் காட்டு," என்றார் சிஸ்டர்.

தோள் எலும்பு முனையைத் தடவி, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே தொட்டாள். இன்னும் மேலே போனால் மூட்டில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் தோள் வலிக்கும்.

துடைத்த இடம் காயக் காத்திருந்தாள். ஈரத்தோடு குத்தினால் எரியும். அந்த இடைவெளியில் மூச்சை நீளமாக விட்டாள். மணிக்கட்டு நிலைத்தது.

தொண்ணூறு டிகிரியில் ஊசி ஒரே வேகத்தில் உள்ளே போனது. தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் அதிகம் வலிக்கும். தடுப்பூசிக்கு, ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பார்க்கத் தேவையில்லை. மருந்தைச் சீராகச் செலுத்தி, நுழைந்த கோணத்திலேயே ஊசியை எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள், தேய்க்கவில்லை.

பழக்கத்தில் இடது கை மூடியைத் தேடியது.

"மூடாதே! விரல்ல குத்திக்குவ. நேரா ஹப் கட்டர்ல வச்சு ஊசியை வெட்டு."

வெட்டினாள்.

"போட்டாச்சாம்மா?" என்றார் அக்கா.

"ஆச்சுக்கா. அரைமணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க."