2025 செயல்திறன் மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கோரி மேல்முறையீடு

தேதி: 09.02.2026

பெறுநர்: துணைத் தலைவர், நிதிப் பிரிவு
நகல்: மனிதவளத் துறைத் தலைவர், வசூல் பிரிவு மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2025-ஆம் ஆண்டு அப்ரைசலில் எனக்கு 5-க்கு 2, அதாவது 'எதிர்பார்ப்பை எட்டவில்லை' என்ற ரேட்டிங் கிடைத்துள்ளது. பிப்ரவரி 3 அன்று என் மேலாளருடன் இதுபற்றிப் பேசினேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் ரேட்டிங் ஏற்கெனவே இறுதி செய்யப்பட்டுவிட்டதால், தன் அளவில் இனி மாற்ற முடியாது என்றார். மேல்முறையீடு செய்வதாக அவரிடம் சொல்லிவிட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, வசூல் இலக்கை எட்டவில்லை என்பது. 90 நாளைத் தாண்டிய பாக்கியை மொத்த நிலுவையில் 8 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது எனக்கு ஜனவரியில் தரப்பட்ட இலக்கு. அப்போது அது 18 சதவீதமாக இருந்தது. படிவத்தில் ஆண்டு இறுதி நிலவரமாக 13 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எண் சரிதான், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அக்டோபர் 6 அன்று வேறொரு மண்டலத்திலிருந்து இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் கணக்குகள் என் பொறுப்புக்கு மாறின. மாறிய அன்றே அவற்றின் பாக்கி 120 நாளைத் தாண்டியிருந்தது. "இந்தப் பழைய பாக்கி உங்கள் இந்த ஆண்டு இலக்கில் சேராது, முடிந்தவரை வசூலித்துக் கொடுங்கள்" என்று மேலாளர் அன்று மாலையே மெயில் அனுப்பினார் (இணைப்பு 1). அந்த இரண்டு கணக்குகளைக் கழித்துவிட்டால் டிசம்பர் 31 நிலவரம் 7 சதவீதம் (இணைப்பு 2). அந்தப் பழைய பாக்கியிலும் ஏறக்குறைய பாதி டிசம்பருக்குள் வந்துவிட்டது. படிவத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

இரண்டாவது, நவம்பர் மாதக் கணக்கை முடிப்பதில் தாமதம். என் பதிவுகளை டிசம்பர் 3 காலை 11.40-க்கு ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். கெடு அன்று மாலை 6 மணி. ஒப்புதல் வந்தது 5-ஆம் தேதி மாலை. நடுவில் இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறேன். ஒப்புதல் வரிசையின் பதிவை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன் (இணைப்பு 3). ஆண்டு இறுதியில் எல்லோருக்கும் வேலை நெருக்கடி இருந்தது, ஒப்புதல் தரவேண்டியவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அந்தத் தாமதம் என் கணக்கில் எழுதப்பட்டதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

மூன்றாவது, "குழுவோடு ஒத்துழைப்பு போதாது". இதற்கு உதாரணம் எதுவும் தரப்படவில்லை. நேரில் கேட்டபோதும் குறிப்பாக எதுவும் கிடைக்கவில்லை. எந்தச் சம்பவம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்வது கடினம். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். அவர்கள் பயிற்சி முடிவில் எழுதிய கருத்துகளும், விற்பனைப் பிரிவிலிருந்து வந்த இரண்டு மெயில்களும் இணைப்பு 4-இல் உள்ளன.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இப்போதைய மேலாளர் ஆகஸ்ட் மாதம்தான் பொறுப்பேற்றார். அதற்கு முன் இருந்த மேலாளர் ஜூலையில் செய்த அரையாண்டு மதிப்பீட்டில் எனக்கு 4 கொடுத்திருக்கிறார் (இணைப்பு 5). ஆண்டு இறுதிப் படிவத்தில் அந்த ஏழு மாதங்களைப் பற்றிய பேச்சே இல்லை. என் சுயமதிப்பீட்டை ஜனவரி 14 அன்று பதிவேற்றினேன். மேலாளரின் ரேட்டிங்கும் கருத்தும் 12-ஆம் தேதியே சேமிக்கப்பட்டதாகப் படிவத்தின் வரலாற்றில் தெரிகிறது (இணைப்பு 6). வெறும் வரைவாக அன்று போட்டு வைத்திருக்கலாம், அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதில் ஓர் எழுத்து கூட மாறவில்லை. ஆகவே, நான் கொடுத்த ஆதாரங்களை யாராவது பார்த்தார்களா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

என் கோரிக்கை இதுதான். இந்த மதிப்பீட்டில் சம்பந்தப்படாத ஒருவர் இணைப்புகளைப் பார்த்து, முந்தைய மேலாளரின் கருத்தையும் கேட்டு, ரேட்டிங்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டு வேலைக்கு 4 பொருந்தும். 2-தான் சரி என்று முடிவானால், எந்தெந்தச் சம்பவங்களின் அடிப்படையில் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊதிய உயர்வு, பதவி உயர்வுப் பட்டியல்கள் பிப்ரவரி 27 அன்று முடிவாகின்றன. அதற்குள் மறுபரிசீலனை முடியாவிட்டால், என் பெயரை மட்டும் முடிவு செய்யாமல் நிறுத்தி வைக்க இயலுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மேலாளருடன் அன்றாட வேலை வழக்கம்போல் நடக்கிறது, அதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவர் முன்னிலையிலேயே இவை எல்லாவற்றையும் பேச எனக்குச் சம்மதம். இந்த வாரம் எந்த நாளிலும் மதியம் 3 மணிக்கு மேல் நேரில் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுநிலை அலுவலர், வசூல் பிரிவு

இணைப்புகள்: 6