வாசிப்புக் கூலி

சுடலைமுத்துவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் புளியரையில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் உட்காரத் தொடங்கிச் சில ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1956 நவம்பரில் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டதால், மலையாள எழுத்துகளுக்கும் அவருக்கும் பிறகு எந்தத் தொடர்பும் இல்லாமல் போயிற்று. ஆனால் ரயில்வேயில் கீமேனாக வேலை பார்த்து, மனைவியின் பிடிவாதத்தால் ஆரியங்காவு நிலையத்துக்கு அருகே சரிவில் மூன்று சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டது எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். மனைவி இருந்தவரை மின்கட்டணச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பஞ்சாயத்துக் கடிதம் எல்லாவற்றையும் அவளே படித்துவிடுவாள். அவள் போன பிறகு அந்தக் காகிதங்களை ஒரு கம்பியில் குத்தி வைத்தார். மகன் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். சாப்பிட்டீர்களா என்று கேட்பான். காகிதங்களைப் பற்றி அவனிடம் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

இசக்கி முதன்முதலில் அந்த வீட்டுக்குள் வந்தது திருடுவதற்காக. பின்கட்டில் நின்ற வருக்கைப் பலாவின் அடியில் விழுந்து வெடித்திருந்த பழத்தை அவள் கையாலேயே பிளந்துகொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, மலையாள வழி. ஓடவுமில்லை, அழவுமில்லை. "கீழே விழுந்ததுதான் தாத்தா, மரத்துல இருந்து நான் பறிக்கல" என்றாள். அவர் பழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கம்பியோடு காகிதங்களை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

அன்றைக்கே கூலி பேசி முடிக்கப்பட்டது. சாதாரணச் சீட்டுக்கு இரண்டு ரூபாய், முத்திரை போட்ட கடிதத்துக்கு ஐந்து ரூபாய், விழுந்த பழத்தில் பாதி அவளுக்கு, கொட்டைகள் முழுக்க அவருக்கு. கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்துக் கணக்கு எழுதினார்கள். பாக்கியை அவர் மறந்தால் அவள் நினைவுபடுத்துவாள். அவள் ஒரு கோடு கூடுதலாகப் போட்டால் அவர் எச்சில் தொட்டு அழிப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிபடவில்லை. பேத்தி மாதிரி வைத்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது. உண்மையில் அவர் அவளுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. அப்பா குடித்துவிட்டு வருவாரா என்று அவர் கேட்டதில்லை. மகன் ஏன் வருவதில்லை என்று அவளும் கேட்டதில்லை. படிக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் அவள் வந்து திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவர் தன் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். மின்விசிறி அவள் பக்கம் திரும்பாவிட்டால் அவளே எழுந்து திருப்பி வைப்பாள்.

அவளுக்கு அந்த வீட்டில் ஆசை இருந்தது ஒரே ஒரு பொருளின் மேல். சுவரில் சாய்த்திருந்த நீளக் கைப்பிடிச் சுத்தியல் அது. மீட்டர்கேஜ் காலத்தில் தினமும் விடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியும், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் பட்டாசும் பையில் வைத்துக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய தூரம் முழுவதும் தண்டவாளத்தின் மேல் நடப்பதுதான் கீமேனின் வேலை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சாவிகள் வண்டி அதிர்வில் நழுவும். நழுவியதை அடித்து இறுக்க வேண்டும். அந்த மலைப்பாதையில் ஏற்றத்துக்காக வண்டியின் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டித் தள்ளுவார்கள் என்பதால் வளைவுகளில் நழுவல் அதிகம். ஒருநாள் வாசற்படிக்கல்லில் ஒரு பழைய சாவியை வைத்து அவள் கையில் சுத்தியலைக் கொடுத்தார். அவள் அடித்தாள். "இது இறுகலா, தளர்வா?" என்று கேட்டார். இறுகிய சாவி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்தது 'தொப்' என்று சொல்லும் என்று விளக்கினார். அவள் கை வலிக்கும் வரை அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்டாள். அவர் சொன்ன தொகை அவளுக்கு மிகவும் குறைவாகத் தோன்றியது.

அவர் ஓய்வு பெற்றது 2008இல். அகலப் பாதைக்காக 2010 செப்டம்பரில் அந்தத் தடமே மூடப்பட்டு, 2018இல்தான் முழுமையாகத் திறந்தது. இடையில் அந்தப் பள்ளத்தாக்கில் வண்டிச் சத்தமே இல்லாமல் கழிந்த ஆண்டுகளில்தான் அவருடைய மனைவி இறந்தாள். பலாவை நட்டதும் அவள்தான். பலாவைக் கேரளம் மாநிலப் பழமாக அறிவித்ததும் அதே 2018இல் என்று பள்ளியில் படித்து வந்து இசக்கி சொன்னபோது, "அதுக்கு முன்னாடியும் இனிப்பாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மே மாதத் தொடக்கத்தில் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. இசக்கி அதை வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "வீட்டு வரிக் கடுதாசி, கட்டியாச்சுன்னு எழுதியிருக்கு" என்று சொல்லி ஐந்து ரூபாய்க்குக் கோடு போட்டுவிட்டுப் போனாள். இருபது நாட்கள் கழித்து அதேபோல இன்னொரு கடிதம் வந்தபோது அவள் ஊரில் இல்லை. பெரியம்மா வீட்டுக்குக் கடையநல்லூர் போயிருந்தாள். கிழவர் அதைத் தேநீர்க் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் காசு வாங்காமல் படித்தார். ஆனால் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி படித்தார். இடவப்பாதி மழைக்கு முன்பாக, அடுத்த வீட்டு ஓட்டுக்கூரையின் மேல் சாய்ந்து நிற்கும் பலாமரத்தை வெட்டி அகற்றுமாறு முந்தைய அறிவிப்பில் கூறியும் செய்யவில்லை, ஏழு நாட்களுக்குள் வெட்டாவிட்டால் பஞ்சாயத்தே வெட்டிச் செலவை வசூலிக்கும் என்பது செய்தி.

இசக்கி திரும்பிவந்த அன்று மாலை அவர் கம்பியிலிருந்து முதல் கடிதத்தை உருவி அவளிடம் நீட்டினார்.

"ஏட்டி, இதை முதல்ல இருந்து படி."

அவள் படித்தாள். ஓர் எழுத்தும் விடாமல், திக்காமல் படித்தாள்.

"பெறவு ஏன் வரின்னு சொன்னே?"

"மரத்தை வெட்டிருவீங்கல்லா."

"வெட்டாம? அடுத்தவன் கூரையில விழுகட்டும்னு விடவா?"

"ஆச்சி நட்ட மரம்னு சொன்னீங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பழமும் போயிரும்" என்றாள்.

"பழத்தை முதல்ல சொல்லு. அதுதான் நிஜம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. குகைக்குப் பக்கத்தில் ஒருமுறை மழையில் தண்டவாளம் விரிந்து கிடந்ததைக் கண்டு, பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசுகளைக் கட்டிவிட்டு, கொடியோடு நின்று வண்டியை நிறுத்திய கதையைச் சொன்னார். வண்டியில் இருந்த ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. தாமதமாகிறது என்று ஜன்னல் வழியாகத் திட்டினார்கள். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். "நானும் அன்னைக்கு எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம்" என்றார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் ஐந்து கோடுகளை அழித்தார். போதாதென்று தோன்றியதோ என்னவோ, அபராதமாக மேலும் மூன்றை அழித்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பக்கம் வரவில்லை. அவரும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

மரத்தை நின்ற நிலையிலேயே ஒரு தடி வியாபாரிக்கு விலை பேசினார். ஆள் ஏறி முதலில் கிளைகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கி, கூரைப் பக்கம் சாயாமல் அடிமரத்தை எதிர்ப்பக்கம் இழுத்து விழச் செய்தார்கள். கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்தவர்களோடு கிழவரும் நின்றார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அறுத்த முகம் மஞ்சள் நிறமாக, பிசுபிசுவென்று பால் கசிந்துகொண்டிருந்தது. இசக்கி எதிர் மேட்டில் ரயில்வே கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்து, தடிகளை லாரியில் ஏற்றி முடிக்கும் வரை பார்த்தாள். இறங்கி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வாசலிலேயே நின்று, "அபராதம் போக எனக்கு ஆறு ரூபாய் வரணும்" என்றாள். அவர் சுவரைப் போய்ப் பார்த்து, சரிதான் என்று ஆறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பிறகு மடித்து வைத்திருந்த வியாபாரியின் ரசீதை எடுத்து நீட்டினார். கையால் கிறுக்கியிருந்த மலையாளம். அவள் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு தேதி, கடையின் பெயர், தொலைபேசி எண் என்று ஒன்றையும் விடாமல் படித்தாள்.

"பலாத் தடி மூணு, பதினெட்டு கன அடி" என்றவள் நிறுத்தினாள். "மூணு இல்ல தாத்தா. நாலு ஏத்துனாங்க."

"நான் அங்கதானே நின்னேன்."

"நீங்க கயித்தைச் சுருட்டிக்கிட்டு இருந்தீங்க. நாலாவது தடியில ஊஞ்சல் கட்டுன பழைய ஆணி ஒண்ணு இருந்துச்சு. அதைத் தூக்குன ஆளுக்குக் கையில கிழிச்சு, அவன் லாரிக்காரனைத் திட்டுனான். பச்சைச் சட்டை போட்ட ஆள்."

ஆணியை அடித்தது அவர்தான். மகன் சிறுவனாக இருந்தபோது. அதை அவர் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்தார்.

"கிளம்பு. கடையில அவன் நோட்டுல என்ன எழுதி வச்சிருக்கான்னு பார்க்கணும்."

"கடைக்கு வந்து படிக்க எவ்வளவு?"

"பத்து."

"பஸ்ஸுக்கு?"

"நான் எடுப்பேன்."

அவள் யோசித்தாள். "எனக்கு அரை டிக்கெட்தான். மிச்சக் காசை என் கையில கொடுத்துருவீங்களா?"

"அதை கண்டக்டர்ட்ட கேளு" என்று சொல்லிவிட்டு அவர் கதவைப் பூட்டினார்.