சாலைப் பள்ளத்தில் விழுந்து காயமடைந்தது குறித்த புகார்

நாள்: 18.10.2024

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், நீலகிரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த 14.10.2024 திங்கட்கிழமை மாலை சுமார் 6.30 மணிக்கு, மார்க்கெட்டிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு ஏறும் சாலையில், ரேஷன் கடைக்கு எதிரே உள்ள வளைவில் நடந்து வந்தபோது, மழைநீர் நிரம்பியிருந்ததாலும் பனிமூட்டத்தாலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கால் இடறி விழுந்தேன். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, ஜல்லியை மட்டும் கொட்டி, தார் போடாமல் விட்ட பள்ளம் அது. மழையில் ஜல்லி சரிவில் அடித்துச் செல்லப்பட்டு, இப்போது முழங்கால் ஆழம் இருக்கிறது. அங்குள்ள தெருவிளக்கும் எரிவதில்லை.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது; வலது முழங்காலில் நான்கு தையல்கள். தையல் வேலை செய்து பிழைக்கும் நான், துணியை நகர்த்த இடது கை இல்லாமல், தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்க வாங்கிய துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக் குழந்தைகளும் தேயிலை பறித்துத் திரும்பும் பெண்களும் இருட்டில் இவ்வழியேதான் வருகிறார்கள். ஆகவே இன்றே தடுப்பு வைத்து, பள்ளத்தை முறையாக மூடித் தார் போட்டு, விளக்கைச் சரிசெய்து, என் மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் இழப்பீடு வழங்கி, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மருத்துவச் சீட்டு நகல், பள்ளத்தின் புகைப்படங்கள் இரண்டு.

இப்படிக்கு,
சு. மாலதி