வாடிக்கையாளர் பிரிவுக்கான பதில்கள் – காஞ்சிபுரம் பட்டுப்புடவை இணைய விற்பனை

கீழே உள்ளவை மார்ச் மாதம் வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது ஆர்டரைத் திறந்து பார்த்து, தேதியையும் தொகையையும் புடவை விவரத்தையும் மட்டும் மாற்றவும். காரணத்தையும் விதியையும் சொல்லும் வாக்கியங்களை யாரும் தம் போக்கில் திருத்த வேண்டாம். 'விரைவில்' என்று எழுதாமல், எந்தத் தேதிக்குள் மறுபடி எழுதுவோம் என்று சொல்லவும். எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'வணக்கம்' மட்டும் போதும்; 'சார்' என்று அழைத்துவிட்டுப் பின்னால் வருத்தம் தெரிவித்தது ஒரு முறை போதும்.

பணம் கழிந்துவிட்டது, ஆர்டர் பதிவாகவில்லை

வணக்கம் அம்மா. மார்ச் 3 அன்று நீங்கள் யுபிஐ வழியாகச் செலுத்திய ₹14,850 உங்கள் கணக்கில் கழிந்திருந்தாலும், அது வந்து சேர்ந்ததற்கான உறுதி எங்களுக்குக் கிடைக்காததால் ஆர்டர் பதிவாகவில்லை. இப்படி நின்றுபோன தொகை, பணம் செலுத்திய நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள், அதாவது மார்ச் 8-க்குள், தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடும் உங்களுக்கு உண்டு. அதை உங்கள் வங்கியில் கேட்கலாம். பணம் திரும்பி வருவதற்கு யுபிஐ பின் எண்ணை எங்கும் பதிய வேண்டியதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அதைக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மயில்கழுத்து நிறப் புடவையை மார்ச் 9 வரை வேறு யாருக்கும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறோம்.

(பணம் நம் கணக்குக்கு வந்தும் ஆர்டர் பதிவாகாமல் இருந்தால் இந்தப் பதில் பொருந்தாது. கணக்குப் பிரிவில் கேட்காமல் எதையும் அனுப்ப வேண்டாம்.)

கரையோரத்தில் சிறு துளைகள் இருக்கின்றன

வணக்கம் ஐயா. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தோம். புடவையின் இரு ஓரங்களிலும் சீரான இடைவெளியில் தெரியும் அந்த நுண்ணிய துளைகள், தறியில் துணியின் அகலம் சுருங்காமல் விறைப்பாக நிறுத்தும் கருவியின் ஊசிகள் பதிந்த இடங்கள். இவை கிழிசல் அல்ல. ஆனால் இரண்டாவது படத்தில், முந்தானைக்கு அருகே ஒரு ஜரிகை இழை அறுந்து தொங்குவதும் தெரிகிறது. அது எங்கள் பரிசோதனையில் தப்பிய குறை, அதற்காக வருந்துகிறோம். மார்ச் 12 அன்று எங்கள் செலவில் புடவையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். அதே நிறத்தில் வேறு புடவை வேண்டுமா, முழுத் தொகை வேண்டுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சில்க் மார்க் இருக்கிறதே, ஜரிகையும் அசல்தானே?

வணக்கம். சில்க் மார்க் சீட்டு, புடவையில் உள்ள பட்டு தூய இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. ஜரிகையின் தரத்தைப் பற்றியோ, கைத்தறியில் நெய்ததா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. நீங்கள் கேட்ட ₹9,200 புடவை கைத்தறியில் நெய்தது. அதன் ஜரிகை வெள்ளி சேராதது. அதனால்தான் விலை இந்த அளவில் இருக்கிறது. வெள்ளி ஜரிகைப் புடவைதான் வேண்டுமென்றால், அவற்றின் படங்களையும் ஜரிகைப் பரிசோதனை அறிக்கையையும் நாளை மாலை 5 மணிக்குள் அனுப்புகிறோம்.

(விற்பனை கைநழுவினாலும் இந்தப் பதிலை மழுப்ப வேண்டாம்.)

ஃபால்ஸ் தைத்த பிறகு திருப்பித் தரலாமா?

வணக்கம் அம்மா. ஃபால்ஸ் தைத்த புடவையையும், ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்த புடவையையும் நிறம் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெற இயலாது. நெசவில் குறை இருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்படி ஏதேனும் இருந்தால் படம் அனுப்புங்கள்.

மூன்று முறை எழுதியும் பதில் இல்லை, புகார் செய்யப் போகிறேன்

வணக்கம் ஐயா. மார்ச் 10, 12, 14 ஆகிய தேதிகளில் நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் எங்களிடம் இருக்கின்றன. பதில் எழுதாதது எங்கள் தவறு, மன்னிக்கவும். இன்று, மார்ச் 16, உங்கள் புகார் எங்கள் குறைதீர்ப்பு அலுவலரிடம் சென்றிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். முதல் காலக்கெடுவை ஏற்கெனவே தவறவிட்டுவிட்டோம். அலுவலர் நாளை காலை 11 மணிக்கு உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். அதற்குக் காத்திருக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய நீங்கள் விரும்பினால், அது உங்கள் உரிமை. அதனால் எங்களிடம் உள்ள உங்கள் புகாரின் மீதான நடவடிக்கை நிற்காது.