கட்டம் இல்லாத நாள்

வந்த முதல் வாரமே முருகேசன் அந்தப் பலகையைச் சைட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஷட்டரிங்குக்கு வெட்டியதில் மிஞ்சிய பிளைவுட், ஆறடிக்கு இரண்டரை அடி. மேல் கட்டிலின் கம்பி வலை தொய்ந்து, அதில் படுப்பவர் புரண்டால் கீழே இவன் மூக்கில் இடித்தது. வலைக்கு அடியில் பலகையைக் கொடுத்துக் கம்பியால் கட்டியதும் தொந்தரவு விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே எழுத ஒரு பெரிய சிலேட்டு.

மட்டம் வைத்து, மார்க்கிங் பென்சிலால் கோடு போட்டான். ஒரு வரிசைக்குப் பத்துக் கட்டம், மொத்தம் 73 வரிசை. கட்டம் இரண்டு சென்டிமீட்டர். நெற்றிக்கு மேலே ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே போய் முடிந்தது. எழுநூற்று முப்பது நாள். ஊரில் இதே வேலைக்குச் சென்ட்ரிங் என்று பெயர். துபாய்க்கு வந்தால் ஷட்டரிங் கார்பென்டர். பெயர் மாறியதற்கு ஏஜெண்டு வாங்கியது 1,10,000 ரூபாய்.

அந்தப் பணத்தில் பாதி செல்வியின் நகை, மீதி இரண்டு வட்டிக்கு வாங்கியது. அதனால் முருகேசன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். கடன் அடையும்வரை ஒரு நாளுக்கு ஒற்றைக் கோடுதான். குறுக்கே இன்னொரு கோடு போட்டுப் பெருக்கல் குறியாக்கும் உரிமை அதற்கப்புறம்தான். ஒற்றைக் கோடு விழுந்த நாளெல்லாம் வட்டிக்காரருடையது, இவனுடையது இல்லை என்று கணக்கு.

2023 மார்ச் 12-ல் வந்தவன், பன்னிரண்டாம் நாளே நோன்பு பிறந்துவிட்டது. வேலை நேரத்தில் இரண்டு மணி குறைத்தார்கள். அட, இவ்வளவு சுலபமா என்று நினைத்தான். ஜூன் வந்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். வாங்கவும் இல்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் ஏற்றினார்கள். பத்து மணிக்கே கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. அந்த மாதங்களில் அவன் தினமும் கோடு போடவில்லை. வந்து விழுந்தால் பென்சில் எடுக்கக் கை வராது. ஞாயிற்றுக்கிழமை ஏழு கோட்டையும் சேர்த்து இழுப்பான். ஒரே மூச்சில் ஏழு நாள் கழிவதில் ஒரு சுகம் இருந்தது என்றும் சொல்லவேண்டும்.

சம்பளம் 1,100 திர்ஹம், ஓவர்டைம் கிடைத்தால் மேலே ஒரு இருநூறு. மெஸ்ஸுக்கும் போனுக்கும் போக மீதியை மாதம் பிறந்ததும் அனுப்பிவிடுவான். செல்வி ஒவ்வொரு மாதமும் குரல் செய்தி அனுப்புவாள். "வட்டி கட்டியாச்சு. அசல்ல பத்தாயிரம் குறைச்சாச்சு. ஒரு காது குத்துக்குக் கூப்பிட்டாங்க, நான் போகல, மொய் வைக்கணும்ல." எல்லாச் செய்தியும் ஆச்சு, ஆச்சு என்றே முடியும்.

380-ஆம் கட்டத்தில் கடன் தீர்ந்தது. படுத்தபடி பார்த்தால் தொப்புளுக்கு நேரே. அன்றைக்கு அவன் போட்ட முதல் பெருக்கல் குறி கொஞ்சம் பெரிதாகிப் பக்கத்துக் கட்டத்தையும் தொட்டது.

அடுத்த மாதமே அந்த மழை. 2024 ஏப்ரல் 16. துபாயில் யாரும் பார்த்திராத மழை. கேம்ப் வாசலில் முழங்கால் தண்ணீர். கீழ் கட்டில்காரர்கள் செருப்பையும் சூட்கேசையும் மேலே ஏற்றிவிட்டு மேல் கட்டில்காரர்களோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். மேலே அறந்தாங்கிப் பையன் பாண்டி, வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, ஊர்ல கண்மாய் காஞ்சு கெடக்கு. இங்க பாருங்க கொட்டுறத."

"மடையத் திறந்து விடுடா, முதுகுளத்தூர் பக்கம் போகட்டும்" என்றான் முருகேசன். அறையே சிரித்தது. 402-க்கும் ஒரு பெருக்கல் போட்டான்.

கடன் இல்லாத நாட்கள் சீக்கிரம் ஓடும் என்று நினைத்திருந்தான். ஓடவில்லை. காரணம், செல்வி வீட்டை ஆரம்பித்துவிட்டாள். ஓட்டு வீட்டை இடித்து, அறுநூறு சதுர அடிக்குச் சுவர் எழும்பி, லிண்டல்வரை வந்து நின்றது. போட்டோ வந்தது. லிண்டலுக்குப் பலகை அடித்த விதம் பார்த்ததுமே இவனுக்கு ஆத்திரம். மூலையில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இருபது மாடிக்கு இவன் பலகை அடித்த தளமெல்லாம் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

கட்டங்கள் தொடையைத் தாண்டியபின் மல்லாந்து கை நீட்டினால் எட்டவில்லை. குனிந்து உட்கார்ந்து போடவேண்டியிருந்தது. முழங்காலை நெருங்கிய சமயம் ஃபோர்மேன் வந்து கேட்டார். மலையாளி, நல்ல மனுஷன். "எந்தா முருகேசா, கேன்சலோ, லீவோ?"

கேன்சல் என்றால் ஒரேயடியாகக் கிளம்பலாம். வருடத்துக்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் சர்வீஸ் பணம் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு 1,540 திர்ஹம். ஊர்க் கணக்கில் முப்பத்தாறாயிரம் சொச்சம். லீவு என்றால் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பவேண்டும்.

வந்த நாள் முதல் கேன்சல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். தளம் போட இன்னும் இரண்டரை லட்சம் வேண்டும். அன்று இரவு செல்வியின் குரலை மூன்று முறை கேட்டான்.

"நீங்க வந்துருங்க. மேல தகரம் போட்டுக்குவோம். அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்றாம் முறை, அவள் பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை. செய்தியின் கடைசியில் இரண்டு நொடி பேச்சில்லாமல் ஃபேன் சத்தம் மட்டும் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தகரத்துக்கு அடியில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

காலையில் ஃபோர்மேனிடம் "லீவு" என்றான்.

மார்ச் 10, திங்கட்கிழமை. மூன்றாவது நோன்பு நடந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் குறி போட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்தால், கான்ட்ராக்ட் முடிவது மார்ச் 11. திருச்சி விமானமும் 11 ராத்திரிதான். ஒரு நாள் உதைத்தது. எங்கேயோ இரண்டு தடவை போட்டுவிட்டோமா என்று வரிசை வரிசையாக எண்ணினான். சரியாகத்தான் இருந்தது.

"அண்ணே, போன வருஷம் பிப்ரவரிக்கு 29 நாள்ல" என்றான் மேலிருந்து பாண்டி.

முருகேசன் அவனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு நாளைக்குக் கட்டமே போடலையா நான்?"

அந்தக் கட்டம் இல்லாத நாளில் வேலைக்குப் போகச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டினான். கோடாலித் தைலம் ஒரு டஜன், டேங் பவுடர், பேரீச்சம்பழம், பாப்பாவுக்கு ஒரு பென்சில் பாக்ஸ், மாமியாருக்குக் கம்பளி. ராமநாதபுரத்து வெயிலில் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, வாங்காமல் போனால்தான் கேட்பார்கள். தராசில் முப்பது கிலோவைத் தாண்டியது. சோப்பை எடுத்து வெளியே வைத்தான்.

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "பாண்டி, மெத்தையத் தூக்கிட்டு எறங்கு."

கம்பியை அவிழ்த்துப் பலகையை இருவரும் கீழே இறக்கினார்கள். வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் மங்கிப்போயிருந்தன. பாண்டி துடைக்கத் துணி எடுத்தான்.

"அது போகாதுடா. சைட்ல என்ன செய்வோம்? ஒரு முகம் தேஞ்சா மறு முகம்."

திருப்பினார்கள். மறுபக்கத்தில் ஷட்டரிங் எண்ணெயின் ஒரு கறை தவிர ஒன்றுமில்லை. வலைக்கு அடியில் ஏற்றி, நாலு மூலையிலும் கம்பியை முறுக்கினான். கீழே படுத்துப் பார்த்தான். கால்மாட்டில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்த மூலைய ஒரு இழுப்பு இழு. இன்னும். ம், நிறுத்து."