கீழக்கரைக் கருப்பட்டிக் கடை: முகப்பு ரெண்டருக்கான குறிப்பு

வணக்கம். இத்துடன் இருக்கும் பென்சில் எலிவேஷன், கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் வரையப்பட்டது. கடையின் அகலம் 12 அடி, தாழ்வாரம் 9 அடி, கூரை முகடு 13 அடி. இந்த அளவுகளை மாற்ற வேண்டாம். கடைக்கார அம்மாவுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் அவர் சேமிப்பைச் செலவிடப் போகிறார் என்பதால், கட்டி முடித்தபின் நிற்கப்போவது எதுவோ அது மட்டுமே படத்தில் இருக்க வேண்டும்.

கூரையில் நான் இழுத்திருக்கும் குறுக்குக் கோடுகள் தகரத்தைக் குறிப்பவை அல்ல. அவை சீமை ஓட்டு வரிசைகள். தாழ்வாரத்தின் அடியில் பனங்கைகளின் முனைகள், கருமையும் நார்க்கோடுகளுமாகத் தெரிய வேண்டும். முகப்புச் சுவர் செங்கல்லின்மேல் சுண்ணாம்புப் பூச்சு. அது பளிச்சென்ற வெள்ளையாக இல்லாமல், கொத்தனார் கரணை தேய்த்த மேடுபள்ளம் சாய்ந்த வெயிலில் இலேசாகத் தெரியும் வெள்ளையாக இருக்கட்டும். இடப்பக்கத்துப் பழைய சுவர் மட்டும் பவளப்பாறைக் கல். பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் துளைகளைக் காட்டுங்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அழகுக்காகக்கூட அந்தக் கல்லைப் புதிய சுவரில் போட்டுவிடாதீர்கள்.

உப்புக் காற்றில் இரும்பு ஷட்டர் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் நிரைப்பலகை வைத்திருக்கிறேன். 8 அங்குல அகலத்தில் 12 தேக்குப் பலகைகள், மேலே 1 முதல் 12 வரை எண் செதுக்கியவை. வலப்பக்கம் நான்கு பலகைகள் பொருத்தியபடியே இருக்க, மற்ற எட்டும் உள்சுவரில் சாய்ந்திருக்கட்டும். ஒன்றரை அடித் திண்ணைக்குச் சிவப்புக் காவித் தரை. ஆட்கள் உட்காரும் விளிம்பு மட்டும் தேய்ந்து மினுங்கலாம். அதன்மேல் ஓலைக் கொட்டான்களில் கருப்பட்டி. அது பழுப்பு முற்றிக் கறுப்பை நெருங்கும் நிறம். வெல்லத்தின் மஞ்சள் வந்துவிடக் கூடாது.

கடை கிழக்குப் பார்த்தது. 20 அடித் தெருவின் எதிர்ப்பக்கத்தில், சற்று வடக்கே தள்ளி நின்று, கண்மட்டம் ஐந்தேகால் அடியாகப் பாருங்கள். அப்போது இடக்கோடியில், வீடுகளுக்கு நடுவே ஒரு கீற்றளவு கடல் தெரியும். தை மாதக் காலை எட்டு மணி வெயில் தென்கிழக்கிலிருந்து வருவதால், தாழ்வாரத்தின் நிழல் சுவரில் வலப்புறமாகச் சாய்ந்து இறங்க வேண்டும். தாளில் வலது மூலையில் இருக்கும் மங்கல் என் கை பட்ட கறை, நிழல் அன்று.

தெருவுக்குச் சிமென்ட் தளம், ஓரங்களில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், பலகைக் கல் மூடிய சாக்கடை. இடப்பக்கம் பச்சை வண்ணம் வெளுத்த மாடி வீடு, வலப்பக்கம் பனையோலை வேலி, அதற்குள் ஒரு பூவரசு. மின்கம்பத்தையும் குறுக்கே போகும் கம்பிகளையும் அழிக்காதீர்கள்; அந்த அம்மா தன் தெருவை அடையாளம் காண்பது அவற்றால்தான். புல்தரை, பூந்தொட்டி, வெளிநாட்டுக் கார் எதுவும் வேண்டாம். சுவரில் சாத்திய ஒரு சைக்கிள் போதும்.