மாமி, அந்தக் காசைக் கட்ட வேண்டாம்

மாமி,

லொத்தரில் கோடி ரூபா விழுந்திருக்கிறது, அதை எடுக்க 18,500 ரூபாய் கட்டுங்கள், கட்டாவிட்டால் வழக்கு என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். பரிசும் இல்லை, வழக்கும் இல்லை. அந்த 18,500 ரூபாயைக் கட்ட வேண்டாம். காப்பை அடகு வைக்கவும் போக வேண்டாம். அவர்களுக்கு இனி ஒரு சொல்லும் எழுத வேண்டாம், திட்டிக்கூட எழுத வேண்டாம். வங்கியில் என் கவுண்டரில் ஆட்கள் நின்றதால் உடனே கோல் எடுக்க முடியவில்லை. திருப்பித் திருப்பி வாசிக்கவும் உதவும் என்று எழுதியே அனுப்புகிறேன். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"மனே, இது மெய்யா பொய்யா, எனக்கு நெஞ்சு படபடக்குது" என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே இலக்கம் +92 என்று தொடங்குகிறது. நம் நாட்டு இலக்கம் என்றால் +94. 92 பாகிஸ்தானுடையது. அதற்காக அனுப்பியவன் பாகிஸ்தானில்தான் இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது, வெளிநாட்டு இலக்கத்தை எங்கிருந்தும் வைத்து வாட்ஸ்அப் ஓட்டலாம். ஆனால் இலங்கை அரசாங்க லொத்தர் கந்தோர் ஒன்று அந்த இலக்கத்திலிருந்து உங்களுக்கு எழுதாது. அரச இலச்சினையைப் புரொஃபைல் படமாகப் போட்டிருக்கிறார்களே என்று நீங்கள் யோசிக்கலாம். அதை இன்டர்நெட்டில் இருந்து எடுத்துப் போட ஒரு நிமிடம் போதும். அவர்கள் அனுப்பிய "முகாமையாளரின்" அடையாள அட்டைப் படமும் அப்படி எடுத்ததுதான்.

அப்புறம் கடிதத்தைப் பாருங்கள். தலைப்பில் 12,500,000 ரூபா என்று இலக்கத்தில் இருக்கிறது. நாலு வரி தள்ளி "இருபத்தைந்து இலட்சம்" என்று எழுத்தில் இருக்கிறது. ஒரு கோடி ரூபா நடுவில் எங்கே போனதென்று எழுதியவனுக்கே தெரியாது. "நீங்கள் வெற்றி பெறப்பட்டது" என்று ஒரு வசனம். நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதினாலும் ரீச்சர் சிவப்புப் பேனையால் கோடு போடுவார். இதை எல்லாம் விடப் பெரிய விசயம், கடிதம் முழுக்கத் தேடியும் உங்கள் பெயர் இல்லை. "அன்பான வாடிக்கையாளர்" என்று மட்டும்தான். கோடி ரூபா கொடுக்கப் போகிறவனுக்கு யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாதா? இதே படம் ஒரே நேரத்தில் எத்தனையோ பேருக்குப் போயிருக்கும். அதில் பதில் எழுதுகிறவர்களிடம்தான் பெயரைக் கேட்பார்கள்.

லொத்தர் எப்படி நடக்கிறது என்பது மாமாவைக் கேட்டாலே தெரியும், சந்தியில் நின்று டிக்கட் எடுக்கிற ஆள்தானே. நம் நாட்டில் அரசாங்க லொத்தர் இரண்டு சபைகள் நடத்துகின்றன. 1963இல் தொடங்கிய தேசிய லொத்தர் சபை ஒன்று, அபிவிருத்தி லொத்தர் சபை மற்றது. இரண்டிலும் டிக்கட் எடுத்திருந்தால்தான் பரிசு. நீங்கள் டிக்கட்டே எடுக்கவில்லை. போன் இலக்கத்தைக் குலுக்கிப் பரிசு விழுத்தும் சீட்டிழுப்பு அந்த இரண்டிலும் கிடையாது. சின்னப் பரிசை டிக்கட் விற்கிறவரே தந்துவிடுவார். பெரிதென்றால் டிக்கட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். வரி இருந்தால் அதைப் பரிசுக் காசிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். முதலில் நீ கட்டு, பிறகு நான் தருகிறேன் என்கிற கதை அங்கே இல்லை.

நானும் இதைத்தான் கேட்கிறேன்: ஒரு கோடிக்கு மேல் உங்களுக்குச் சேர வேண்டியது அவர்களிடம் இருக்கிறதென்றால், அதிலிருந்து 18,500ஐக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டால் என்ன? இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் "அது சட்டப்படி முடியாது" என்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஆகவே கேட்கப் போக வேண்டாம்.

காசு போடச் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு. சபைக்குப் போகிற காசு சபையின் பெயரில் உள்ள கணக்குக்கல்லவா போக வேண்டும்? வங்கியில் இருந்து இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. சில பேர் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிடுவார்கள். காசு விழுந்த கையோடு எங்கோ ஒரு மெஷினில் எடுத்துவிடுவான். பிறகு நாங்கள் கணக்கைப் பிடித்தாலும் உள்ளே நூறு ரூபாயும் இருக்காது. பொலிஸ் தேடிப் போனால் அகப்படுவது கணக்கைக் கொடுத்த அந்த அப்பாவிதான்.

அதோடு 18,500 முதல் தவணைதான். அது கிடைத்ததும் "வரி" என்று கேட்பார்கள். வரியைக் கட்டினால் "காப்புறுதி", அதற்குப் பிறகு "காசை மாற்றும் செலவு". ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்பார்கள். கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் சனம் அடுத்ததையும் கட்டுகிறது. தூண்டிலை விழுங்கிய மீனுக்கு மேலும் மேலும் நூல் விட்டு இழுக்கிற மாதிரி. போன கிழமை ஒரு அக்கா என் கவுண்டருக்கு வந்தா, யாரோ போனில் பேசிக்கொண்டே இருந்தான், போனை வைக்க விடவில்லை. "என்னத்துக்குக் காசு போடுறீங்க அக்கா" என்று கேட்டதற்கு "சொந்தக்காரருக்கு" என்றா. அப்படிச் சொல்லச் சொல்லி அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். போனை அணைத்துவிட்டு இருக்கச் சொல்லிப் பேசின பிறகுதான் அழுதுகொண்டே விசயத்தைச் சொன்னா.

உங்களுக்கும் "யாருக்கும் சொல்ல வேண்டாம், சொன்னால் பரிசு ரத்தாகும்" என்று எழுதியிருக்கிறார்களே, அது இதற்காகத்தான். ஒரு ஆளிடம் சொன்னாலே கதை முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த மிரட்டல். "24 மணித்தியாலத்துக்குள் கட்டாவிட்டால் உங்கள் பெயரில் வழக்குத் தாக்கல் செய்யப்படும்." உங்களைக் கலங்க வைத்தது பரிசை விட இந்த வரிதான் என்று எனக்கு விளங்குகிறது. மாமி, பரிசை வாங்காமல் விட்டதற்காக எந்த நாட்டிலும் வழக்குப் போட மாட்டார்கள். வழக்கென்று ஒன்று வந்தால் நீதிமன்ற அழைப்பாணை கையில் வரும், வாட்ஸ்அப்பில் இதயப் படத்தோடு வராது. அந்த 24 மணித்தியாலம் போகட்டும். இன்னும் 24 மணித்தியாலம் தருவார்கள், கட்டணத்தையும் பாதியாகக் குறைப்பார்கள். அதற்கும் மசிய வேண்டாம்.

நீங்கள் அடையாள அட்டையின் முன்பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியதாகச் சொன்னீர்கள். அதுதான் எனக்குக் கொஞ்சம் யோசனை. கணக்கு இலக்கத்தை மட்டும் வைத்து யாராலும் காசு எடுக்க முடியாது, கிஷோர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு அப்படியே இருக்கும். ஆனால் இனி உங்கள் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வரலாம். அது வந்த கையோடு ஒருவன் கோல் எடுத்து "அந்த நம்பரைச் சொல்லுங்கள், பரிசை உறுதிப்படுத்த வேண்டும்" என்பான். அதைச் சொன்னால் வங்கிக் கணக்கோ வாட்ஸ்அப்போ அவன் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் போனால் உங்கள் பெயரில் கோயில் குழுவில் உள்ள எல்லாரிடமும் கடன் கேட்பான், மாமி கேட்கிறா என்று நம்பிச் சனமும் கொடுக்கும். ஆகவே அந்த நம்பரை வங்கியில் இருந்து பேசுகிறேன் என்பவனுக்கும் சொல்ல வேண்டாம். நான் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும். முதலில் எல்லாவற்றையும், அவர்கள் தந்த கணக்கு இலக்கம் தெரிகிற மாதிரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிறகு அந்த உரையாடலைத் திறந்து மேலே வலது பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு More என்பதற்குள் போனால் Block இருக்கும். Report என்றும் ஒன்று இருக்கும், அதையும் தொடலாம். உரையாடலையும் அழிக்கவா என்று கேட்டால் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விளங்காவிட்டால் விட்டுவிடுங்கள், நான் வந்து செய்து தருகிறேன். Two-step verification என்று ஒரு பூட்டும் இருக்கிறது, அதையும் நான் வந்து போட்டுத் தருகிறேன்.

நாளைக் காலையில் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், புத்தகத்தின் படம் வெளியே போய்விட்டது என்று சொல்லி வையுங்கள். அவர்கள் கணக்கில் ஒரு கண் வைத்திருப்பார்கள். கொக்கட்டிச்சோலைப் பொலிஸில் ஒரு முறைப்பாடும் போட்டுவிடுவோம். உங்கள் அடையாள அட்டைப் படத்தை வைத்து அவர்கள் வேறு யாரையாவது ஏமாற்றினால், முன்னரே அறிவித்திருந்தோம் என்பதற்கு அந்த முறைப்பாட்டுத் துண்டு உதவும். பொலிஸுக்குத் தனியாகப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மண்முனைப் பாலத்தால் நான் மோட்டார் சைக்கிளில் வருகிறேன், சேர்ந்து போவோம். இணைய மோசடிகளுக்கென்று 101 என்ற இலக்கமும் இருக்கிறது, அதற்கும் நானே எடுத்துப் பேசுகிறேன்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஏசுவார்தான், ஏசட்டும், ஒரு நேரத்துச் சத்தம்தானே. உங்கள் போனுக்கு வந்தது நாளைக்கு அவருடைய போனுக்கும் வரும். அவர் உண்மையாகவே டிக்கட் எடுக்கிற ஆள், அவரிடம் இந்தக் கதை இன்னும் இலகுவாக எடுபடும்.

வயல் குத்தகைக் காசுக்கு நெருக்கடி என்று சொல்லியிருந்தீர்களே, அதைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக இருந்து பேசுவோம். அதற்குள் யாரிடமும் வட்டிக்கு வாங்கிவிட வேண்டாம். புத்தாண்டுக்குக் குழுவில் வந்ததே, "இருபது பேருக்கு அனுப்பினால் பரிசு" என்று ஒரு லிங்க், அப்படி எதற்குள்ளும் இனிப் பெயரும் இலக்கமும் போட வேண்டாம். உங்கள் இலக்கம் இவர்கள் கைக்கு அப்படித்தான் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள். நாலரைக்கு வேலை முடியும், நான் திருப்பி எடுக்கிறேன். இடையில் அவன் கோல் எடுத்தால் தூக்க வேண்டாம்.

தர்ஷன்